சுற்றுச்சுவரில் கற்களை எண்ணுதல்: செங்கல், கான்கிரீட் பிளாக் அளவுகளும் கலவை இணைப்பின் பங்கும்

ஒரு சுற்றுச்சுவருக்கு எத்தனை கல் வேண்டும் என்ற கேள்விக்கு, சுவரின் பரப்பை ஒரு கல்லின் முகப்பரப்பால் வகுத்தால் போதும் என்பதே முதலில் தோன்றும் விடை. ஆனால் கட்டி முடித்த சுவரின் முகத்தில் கல் மட்டும் இல்லை. இரண்டு கற்களுக்கு இடையிலும் இரண்டு வரிசைகளுக்கு இடையிலும் சிமெண்டுக் கலவை இருக்கிறது, அது ஒவ்வொரு கல்லோடும் சேர்ந்து சுவரில் இடம் பிடிக்கிறது. இந்தக் கலவையைச் சேர்த்து எண்ணுவதா, எவ்வளவு தடிப்பில் சேர்ப்பது, அப்படி எண்ணிய பிறகும் களத்தில் ஏன் கல் கூடவோ குறையவோ செய்கிறது ஆகிய கேள்விகளைத் தமிழ்நாட்டு வீட்டுமனை ஒன்றின் சுற்றுச்சுவரை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பரப்பைக் கொண்டு செய்யும் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே என்பதும், உண்மையான எண்ணிக்கை தூண்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு கட்டத்தையும் வரிசை வரிசையாக எண்ணும்போதுதான் கிடைக்கிறது என்பதும் இதன் முடிவு.

அளவு என்பதன் இரண்டு பொருள்

கட்டுமானத் தர ஏடுகள் ஒரு கல்லுக்கு இரண்டு அளவுகளைச் சொல்கின்றன. கல்லைக் கையில் எடுத்து நாடாவால் அளந்தால் கிடைப்பது மெய்யளவு. அந்தக் கல் தன் பங்குக் கலவையோடு சேர்ந்து சுவரில் பிடிக்கும் இடத்தின் அளவு பெயரளவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கலவை இணைப்பின் தடிப்பு, அதாவது வழக்கமாக 10 மி.மீ. ஒரு கல்லின் நான்கு பக்கமும் இணைப்பு இருந்தாலும் ஒவ்வோர் இணைப்பையும் பக்கத்துக் கல்லோடு பகிர்ந்துகொள்வதால், ஒரு கல்லின் கணக்கில் நீளவாட்டில் ஓர் இணைப்பும் உயரவாட்டில் ஓர் இணைப்பும் மட்டுமே சேரும்.

சுட்ட களிமண் செங்கலுக்கான இந்தியத் தர ஏடான ஐ.எஸ். 1077, அதன் 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 190 × 90 × 90 மி.மீ. என்ற செங்கலை மட்டு அளவுச் செங்கலாகக் குறிக்கிறது; கலவையோடு சேர்த்தால் அது 200 × 100 × 100 மி.மீ. இடத்தை நிரப்பும். மட்டு அளவு என்பது கட்டடத்தின் எல்லா அளவுகளும் 100 மி.மீ.இன் மடங்குகளாக அமைய வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குள் வரும் அளவு. அதே ஏடு 230 × 110 × 70 மி.மீ. என்ற மட்டு அளவில் சேராத செங்கலையும் ஏற்கிறது. இந்த எண்கள் தற்செயலானவை அல்ல: 110 மி.மீ. அகலமுள்ள இரண்டு செங்கற்களை நடுவே 10 மி.மீ. கலவையோடு அருகருகே வைத்தால் 230 மி.மீ. ஆகிறது, அதாவது ஒரு செங்கலின் நீளம். நீளம் இரண்டு அகலத்துக்கும் ஓர் இணைப்புக்கும் சமமாக இருப்பதால்தான், ஒரு வரிசையில் செங்கலைச் சுவரின் போக்கிலும் அடுத்த வரிசையில் சுவருக்குக் குறுக்காகவும் வைத்து இரண்டு முகங்களையும் ஒரே தளத்தில் நிறுத்த முடிகிறது.

தமிழ்நாட்டுச் சந்தையில் மட்டு அளவுச் செங்கல் அரிது. சேம்பர் சூளையில் சுட்ட செங்கல் பெரும்பாலும் 9 × 4½ × 3 அங்குலத்தை ஒட்டி, ஏறத்தாழ 230 × 110 × 75 மி.மீ. அளவில் வருகிறது, நாட்டுச் செங்கல் ஊருக்கு ஊர், சூளைக்குச் சூளை மாறுகிறது. ஆகவே செங்கலின் அளவை விலைப்பட்டியலிலிருந்து எடுக்காமல் இறங்கிய சுமையிலிருந்து எடுப்பதே முறை. அதற்கு ஐ.எஸ். 1077 எளிய வழியொன்றைத் தருகிறது: 20 செங்கற்களைச் சமதளத்தில் இடைவெளி இல்லாமல் வரிசையாக அடுக்கி மொத்த நீளத்தை அளக்க வேண்டும். 190 மி.மீ. செங்கலுக்கு அந்த நீளம் 3720 முதல் 3880 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறது ஏடு. ஒற்றைச் செங்கலை அளப்பதைவிட இது நம்பத்தக்கது, ஏனெனில் ஒவ்வொரு கல்லிலும் உள்ள சிறு கூடுதல் குறைவுகள் இருபதில் சமப்பட்டு, கணக்குக்குத் தேவையான சராசரி நேராகக் கிடைக்கிறது.

கான்கிரீட் பிளாக்குகளுக்கு ஐ.எஸ். 2185இன் முதற்பகுதி (2005) பொருந்தும். அது நீளத்தை 400, 500, 600 மி.மீ. என்றும், உயரத்தை 100 அல்லது 200 மி.மீ. என்றும், அகலத்தை 50 முதல் 300 மி.மீ. வரையும் பெயரளவாகக் குறித்து, மெய்யளவு ஒவ்வொன்றிலும் 10 மி.மீ. குறைய வேண்டும் என்கிறது. எனவே 400 × 200 × 150 மி.மீ. என்று சொல்லப்படும் பிளாக், தர ஏட்டின்படி 390 × 190 × 140 மி.மீ. இருக்க வேண்டும், நீளத்தில் 5 மி.மீ., மற்ற இரண்டிலும் 3 மி.மீ. கூடவோ குறையவோ செய்யலாம். நடுவே குழி விட்டு வார்த்தது ஹாலோ பிளாக், குழியில்லாதது சாலிட் பிளாக்; எண்ணிக்கைக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே.

கடையில் இவை 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்று அகலத்தால் மட்டுமே அழைக்கப்படுகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும், சில உற்பத்தியாளர்களின் அச்சு 390 × 190 மி.மீ. பிளாக்கையும், வேறு சிலருடையது முழு 400 × 200 மி.மீ. பிளாக்கையும் வார்க்கிறது. முன்னது ஒரு சதுர மீட்டருக்கு 12.5 பிளாக் பிடிக்கும். பின்னது 10 மி.மீ. இணைப்போடு 410 × 210 மி.மீ. இடத்தை நிரப்புவதால் 11.6 பிளாக் போதும். ஏறத்தாழ 7 விழுக்காடு வேறுபாடு கல்லின் பெயரில் தெரியாமல் ஒளிந்திருக்கிறது.

இதே ஏற்பாடு பிற நாடுகளிலும் காணப்படுகிறது. பிரிட்டனின் செங்கல் 215 × 102.5 × 65 மி.மீ.; 10 மி.மீ. இணைப்போடு 225 × 112.5 × 75 மி.மீ. ஆகிறது. அமெரிக்காவில் 16 × 8 × 8 அங்குலம் எனப்படும் பிளாக்கின் மெய்யளவு ஒவ்வொரு பக்கமும் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு குறைவு. நாட்டுக்கு நாடு எண்கள் மாறினாலும், இணைப்பைச் சேர்த்த பிறகு முழுமையான எண் வர வேண்டும் என்ற விதி மாறவில்லை.

செங்கல் சுவரில் கன அளவுக் கணக்கின் குறை

செங்கல் சுவருக்கு ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் கன அளவால் கணக்கிடுகிறார்கள். 230 × 110 × 75 மி.மீ. செங்கலின் ஒவ்வொரு பக்கத்திலும் 10 மி.மீ. சேர்த்தால் 240 × 120 × 85 மி.மீ. ஆகும், அந்தக் கன அளவு ஒரு கன மீட்டரில் 408 முறை அடங்கும். 9 அங்குலச் சுவரின் தடிப்பு 0.23 மீட்டர் என்பதால், ஒரு சதுர மீட்டருக்கு 408இன் 0.23 பங்கு, அதாவது 94 செங்கல் என்று கணக்கு முடிகிறது.

ஆனால் சுவரின் முகத்தை நேராக எண்ணினால் வேறு விடை வருகிறது. நீளவாக்கில் வைத்த செங்கல் முகத்தில் 240 × 85 மி.மீ. இடம் பிடிக்கும், ஒரு சதுர மீட்டருக்கு 49. 9 அங்குலச் சுவரில் முன்னும் பின்னுமாக இரண்டு அடுக்கு இருப்பதால் 98. குறுக்காக வைத்த வரிசையில் எண்ணினாலும் முகத்தில் 120 × 85 மி.மீ. என்பதால் அதே 98 வருகிறது. கன அளவுக் கணக்கில் நான்கு செங்கல் காணாமற்போனதற்குக் காரணம், அது தடிப்புவாட்டிலும் ஒவ்வொரு செங்கலுக்கும் ஓர் இணைப்பைக் கொடுத்துவிட்டதே. உண்மையில் 230 மி.மீ. தடிப்புக்குள் இரண்டு செங்கலுக்கு நடுவே ஓர் இணைப்பு மட்டுமே உண்டு. சுவரின் வெளிமுகத்தில் இணைப்பு கிடையாது. இந்தக் குறை 4 விழுக்காடுதான் என்றாலும், உடைசலுக்கென்று ஒதுக்கும் அளவை முழுவதும் இதுவே தின்றுவிடும். ஆகவே சுற்றுச்சுவர் போன்ற ஒரே தடிப்புள்ள நீண்ட சுவரை முகப்பரப்பால் எண்ணுவதே சரி: 9 அங்குலச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 98, நாலரை அங்குலச் சுவருக்கு 49.

ஒரு மனை, ஒரு சுவர்

12 மீட்டர் அகலமும் 18 மீட்டர் நீளமும் உள்ள மனையைக் கொள்வோம். இது 40 × 60 அடி மனைக்கு மிக அருகில் வருகிறது. சுவரின் வெளிமுகம் மனையின் எல்லையில் நிற்கிறது. 230 மி.மீ. சதுரத்தில் 20 கான்கிரீட் தூண்கள், அவற்றை அடியில் இணைக்கும் கிரேடு பீம், அதன்மேல் 6 அங்குல பிளாக்கில் 8 வரிசை, மேலே கான்கிரீட் மூடி என்பது அமைப்பு. பிளாக் 390 × 190 × 140 மி.மீ. என்று அளந்து உறுதி செய்யப்பட்டது. முன்பக்கத்தில் தூணுக்குத் தூண் 3.62 மீட்டர் இடைவெளியில், அதாவது 12 அடிக்குச் சற்றுக் குறைவாக, ஒரு கேட்.

முதலில் நீளம். மனையின் சுற்றளவு 60 மீட்டர் என்றாலும் அதுவே சுவரின் நீளம் அன்று. வெளிச்சுற்றளவை எடுத்தால் ஒவ்வொரு மூலையும் இருமுறை எண்ணப்படும். தூண்களின் நடுக்கோட்டில் அளந்தால் பக்கங்கள் 11.77, 17.77 மீட்டர் ஆகி, சுற்றளவு 59.08 மீட்டர் வருகிறது. அதிலிருந்து 20 தூண்களின் அகலமான 4.60 மீட்டரும் கேட்டின் 3.62 மீட்டரும் கழிந்தால், பிளாக் கட்ட வேண்டிய நீளம் 50.86 மீட்டர்.

அடுத்து உயரம். ஒவ்வொரு வரிசையும் அடியில் 10 மி.மீ. கலவையும் மேலே 190 மி.மீ. பிளாக்குமாக 200 மி.மீ. எழும்புவதால், 8 வரிசை 1.60 மீட்டர். உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வரிசையைத் தேடுவது இங்கே தவறான வழியாகும், 1.5 மீட்டர் என்று வரைபடத்தில் எழுதினால் ஏழரை வரிசை வேண்டும், அரை வரிசைக்காகச் சுவர் முழுதும் பிளாக்கைக் கிடைமட்டமாக அறுக்க நேரும்.

பரப்பு 50.86ஐ 1.60ஆல் பெருக்க 81.38 சதுர மீட்டர். கலவையை மறந்து, பிளாக்கின் மெய்யான முகப்பரப்பான 0.0741 சதுர மீட்டரால் வகுத்தால் 1098 பிளாக் வருகிறது. கலவையோடு சேர்த்து 0.08ஆல் வகுத்தால் 1017. இரண்டுக்கும் நடுவே 81 பிளாக். கலவையை எண்ணாமல் விட்டதற்கான செலவு இது.

பரப்பு சொல்லாததைக் கட்டம் சொல்கிறது

1017 என்பது, அறுத்த துண்டுகள் யாவும் எங்கோ ஓரிடத்தில் பொருந்திவிடும் என்ற எண்ணத்தில் பிறந்த எண். சுவரோ தூண்களால் 19 கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பிளாக் வரிசை ஒரு தூணில் தொடங்கி மறு தூணில் முடிய வேண்டும். இரண்டு தூண்களையும் தொடும் முனைகளில் கலவை இருப்பதால், பிளாக்குகளைவிட இணைப்புகள் ஒன்று அதிகம். எனவே முழுப் பிளாக்குகள் மட்டுமே பொருந்தும் இடைவெளி, பிளாக்கின் எண்ணிக்கையை 400ஆல் பெருக்கி 10ஐக் கூட்டிய மி.மீ. அளவு: 6 பிளாக்குக்கு 2.41 மீட்டர், 7 பிளாக்குக்கு 2.81 மீட்டர்.

வழக்கப்படி பக்கச்சுவரை 6 சம கட்டங்களாகவும் பின்சுவரை 4 சம கட்டங்களாகவும் முன்சுவரின் எஞ்சிய பகுதியை 3 சம கட்டங்களாகவும் பிரித்தால், தூண்களுக்கு இடையிலுள்ள தெளிவான இடைவெளி முறையே 2.73, 2.71, 2.41 மீட்டர் ஆகிறது. முன்சுவரில் வரிசைக்கு 6 பிளாக் அறுப்பின்றிப் பொருந்தும். பக்கச்சுவரிலோ ஒரு வரிசையில் 6 முழுப் பிளாக்குக்குப் பிறகு 312 மி.மீ. துண்டொன்று வேண்டும், அதற்காக அறுத்த பிளாக்கில் எஞ்சுவது எதற்கும் பயன்படாத சிறு சில்லு. அடுத்த வரிசை அரைப் பிளாக்கில் தொடங்க வேண்டும், ஏனெனில் செங்குத்து இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நேராக விழுந்தால் அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும். மேல் வரிசையின் இணைப்பு கீழ்ப் பிளாக்கின் நடுவில் விழுவதே பிணைப்பு. அரைப் பிளாக்கில் தொடங்கினால் மறுமுனையில் 112 மி.மீ. துண்டு வேண்டியிருக்கிறது. எப்படி அறுத்தாலும் வரிசைக்கு 7 பிளாக் செலவாகிறது. பின்சுவரிலும் அவ்வாறே.

இதன்படி பக்கச்சுவர்கள் இரண்டிலுமாக 12 கட்டம், கட்டத்துக்கு 7 பிளாக், 8 வரிசை என்று 672; பின்சுவரில் 224; முன்சுவரில் 144; ஆக மொத்தம் 1040. பரப்புக் கணக்கைவிட 23 அதிகம். இவை உடைந்து வீணானவை அல்ல, அறுப்பில் கழிந்தவை. ஆகவே ஏற்றியிறக்கும்போது உடைவதற்கென 3 விழுக்காடு தனியே சேர்த்தால் 1071, வாங்க வேண்டியது ஏறத்தாழ 1075.

இனி, தூண்களின் எண்ணிக்கையை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். பக்கச்சுவரில் 5 கட்டங்களின் தெளிவான இடைவெளியை 2.81 மீட்டராக வைத்தால் ஆறாவது கட்டத்துக்கு 2.34 மீட்டர் மிஞ்சும். பின்சுவரில் 3 கட்டங்களை அவ்வாறே வைத்தால் நான்காவதற்கு 2.42 மீட்டர் மிஞ்சும். அது 6 பிளாக்குக்குரிய 2.41 மீட்டருக்கு 10 மி.மீ.தான் கூடுதல், ஏழு இணைப்புகளில் பிரித்துவிடலாம். இப்போது பக்கச்சுவர்கள் இரண்டில் ஒவ்வொன்றுக்கும் வரிசைக்கு 41, பின்சுவருக்கு 27, முன்சுவருக்கு 18 என்று ஒரு சுற்றுக்கு 127 பிளாக். 8 வரிசைக்கு 1016. பரப்புக் கணக்கின் எண்ணோடு இது ஏறத்தாழ ஒத்துப்போகிறது. முழுப் பிளாக்குகள் பொருந்தும் கட்டங்களில், அரைப் பிளாக்கில் தொடங்கும் வரிசைகள் மறுமுனையிலும் அரைப் பிளாக்கிலேயே முடிவதால், ஒரு பிளாக்கை நடுவே அறுத்தால் இரண்டு பாதியும் பயன்படுகின்றன. 24 பிளாக் மிச்சமாவதைவிடப் பெரிய பயன், தூணை ஒட்டி வரும் சிறு துண்டுகள் பெரும்பாலும் ஒழிவதே. கலவை சரியாக இறங்காமல் விரிசல் முதலில் தெரியும் இடம் அதுதான்.

இணைப்பின் தடிப்பு மாறும்போது

மேற்கண்ட கணக்கு யாவும் 10 மி.மீ. இணைப்பை நம்பி நிற்கிறது. கொத்தனார் 15 மி.மீ. கலவை வைத்தால் ஒவ்வொரு வரிசையும் 205 மி.மீ. எழும்பி, 8 வரிசைச் சுவர் 40 மி.மீ. உயர்ந்துவிடும். ஒரு சதுர மீட்டருக்கு வேண்டிய பிளாக் 12.5இலிருந்து ஏறத்தாழ 12ஆகக் குறைகிறது. அதற்கு ஈடாகக் கலவை மிகுதியாகக் கூடுகிறது.

கலவையின் அளவும் அதே பெயரளவு, மெய்யளவு வேறுபாட்டிலிருந்தே கிடைக்கிறது. 81.38 சதுர மீட்டர் சுவரின் கன அளவு, 140 மி.மீ. தடிப்பில், 11.39 கன மீட்டர். 1017 பிளாக்குகளின் கன அளவு 10.55 கன மீட்டர், எஞ்சிய 0.84 கன மீட்டரே கலவை. சிந்துவதையும் முனைகளில் கூடுதலாக நிரப்புவதையும் சேர்த்து 1 கன மீட்டர் எனலாம். ஈரக் கலவை 1 கன மீட்டர் கிடைக்க உலர்ந்த பொருள் ஏறத்தாழ 1.33 கன மீட்டர் வேண்டும், ஏனெனில் தண்ணீர் சேர்ந்ததும் மணலின் இடைவெளிகள் நிரம்பிக் கன அளவு சுருங்கும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற கலவைக்கு, 50 கிலோ மூட்டையை 0.0347 கன மீட்டராகக் கொண்டால், 6 மூட்டை சிமெண்டும் 40 கன அடி எம்-சாண்டும் போதும். இணைப்பு 15 மி.மீ. ஆனால் சுவருக்குள் நிற்கும் கலவை 0.84இலிருந்து 1.22 கன மீட்டராக ஏறி, சிமெண்டும் மணலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

ஒப்பிட்டுப் பார்த்தால், இதே பரப்புக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் கட்ட ஏறத்தாழ 8000 செங்கலும் 3.6 கன மீட்டர் கலவையும் வேண்டும். செங்கலின் மேல்முகத்தில் பெயர் பதித்த பள்ளம் இருந்தால் அதுவும் கலவையை வாங்கிக்கொள்ளும். பிளாக் சுவரில் கலவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதன் காரணம் தெளிவு: தடிப்பு குறைவு, இணைப்புகளின் எண்ணிக்கையும் குறைவு.

களத்தில் இணைப்பு மிகுகிறதா என்பதை அறிய, 200 மி.மீ.க்கு ஒரு கோடு இட்ட மரக்கோலை கிரேடு பீமின்மேல் நிறுத்திப் பார்த்தால் போதும். நான்காம் வரிசையின் மேல்விளிம்பு 800 மி.மீ. கோட்டைத் தாண்டியிருந்தால் இணைப்பு தடித்துவிட்டது. எல்லா வரிசையும் ஒரே அளவில் தாண்டினால் கொத்தனாரின் கைப்பழக்கம் காரணம். முதல் வரிசை மட்டும் தாண்டினால் கிரேடு பீமின் மட்டம் சரியில்லை. பீமின் பள்ளத்தைக் கலவையால் நிரப்பியிருக்கிறார்கள். இணைப்பு 10 மி.மீ.ஆகவே இருந்தும் உயரம் கூடினால், இறங்கிய பிளாக் 190 அல்ல, 200 மி.மீ. உயரமுடையது, அந்நிலையில் 8 வரிசை 1.68 மீட்டருக்குப் போகும். கடைசிக் காரணம் இரண்டு உற்பத்தியாளர்களிடம் பாதிப் பாதியாகப் பிளாக் வாங்கிய இடங்களில் கடுமையாகிறது, ஏனெனில் 190, 200 மி.மீ. பிளாக்குகளை ஒரே வரிசையில் கலந்தால் மட்டம் எந்தத் தடிப்பிலும் ஒத்துவராது.

தடிப்பைப் போலவே ஈரமும் இணைப்பைப் பாதிக்கிறது. செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் அதை நனைத்தே கட்ட வேண்டும். கான்கிரீட் பிளாக்குக்கு அதே பழக்கத்தைக் கொண்டுசென்றால், நீரில் ஊறிய பிளாக் சுவரில் உலரும்போது சுருங்கி, இணைப்பு வழியே படிக்கட்டு வடிவில் விரிசல் விடும். தர ஏடு பிளாக்கை 14 நாள் நனைத்துப் பதப்படுத்திய பின் 4 வாரம் உலரவைக்கச் சொல்வது, அந்தச் சுருக்கம் சுவருக்கு வருமுன்பே முடிந்துவிட வேண்டும் என்பதற்காகவே.

கணக்கின் வரிசைமுறை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, கற்களின் எண்ணிக்கை சுவர் வரைந்து முடித்தபின் போடும் கூட்டலாக இருப்பதைவிட, சுவரை வரைவதற்கான அளவுகோலாக இருப்பதே பொருத்தம் என்பது விளங்குகிறது. முதலில் கல் எங்கிருந்து வருகிறது என்பதை முடிவு செய்து அதை அளக்க வேண்டும். அளந்த மெய்யளவோடு 10 மி.மீ.ஐச் சேர்த்து வரிசையின் உயரத்தையும் சுவரின் உயரத்தையும் தீர்மானிக்க வேண்டும். அதன் பிறகே தூண்களையும் கேட்டையும் முழுப் பிளாக்குகள் பொருந்தும் இடைவெளிகளில் நிறுத்த வேண்டும். தரை சரிவாக இருந்தால் கிரேடு பீமையும் அதே 200 மி.மீ. படிகளாக இறக்கினால் வரிசைகள் தொடர்ந்து ஒத்துவரும். தூண்குழி தோண்டிய பிறகு இந்த வசதி எதுவும் மிஞ்சுவதில்லை. அப்போது பரப்புக் கணக்கோடு அறுப்புக் கழிவையும் ஏற்றுக்கொண்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.